ஆய்வு முன்மொழிவில் அறிவு இடைவெளி தெளிவாகத் தெரிய ஆய்வுச் சிக்கலையும் வினாக்களையும் அமைப்பது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவு ஒன்று டாக்டரல் கமிட்டியின் முன் வைக்கப்படும்போது, குழுவினர் வெவ்வேறு சொற்களில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த ஆய்வு முடிந்தபின், இன்று சொல்ல முடியாத எதை நம்மால் சொல்ல முடியும்? இதற்கான விடை முன்மொழிவின் முதல் இரண்டு பக்கங்களிலேயே இருக்க வேண்டும். ஆனால் பல முன்மொழிவுகளில் அது முன்னாய்வுகள் பற்றிய பகுதியின் கடைசி வரியாக, "இத்துறையில் போதிய ஆய்வுகள் மேற்கொள்ளப்படவில்லை" என்று முடிந்துவிடுகிறது. அந்த வரி ஓர் இன்மையைக் கூறுகிறதே தவிர, அந்த இன்மையால் எந்தக் கூற்று நிரூபிக்கப்படாமல் நிற்கிறது என்பதைக் கூறவில்லை. ஆய்வு இடைவெளி என்பது இந்த இரண்டாவது செய்திதான்.

இதை விளக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துச் செல்கிறேன். சென்னையில் பொது நிர்வாகத் துறையில் ஆய்வு செய்யவிருக்கும் ஒருவர், "சென்னை மாநகரில் மழைநீர் சேகரிப்பு – ஓர் ஆய்வு" என்ற தலைப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கற்பனை ஆய்வாளர்; அவர் வாசித்ததாக நான் கூறப்போகும் முன்னாய்வுகளின் நிலையும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டதுதான். நகரத்தைப் பற்றிய செய்திகள் மட்டும் உண்மையானவை.

நடைமுறைச் சிக்கலையும் அறிவுச் சிக்கலையும் பிரித்தல்

அவருடைய முதல் வரைவு உலகளாவிய தண்ணீர்ப் பற்றாக்குறையில் தொடங்குகிறது. பிறகு இந்தியா, பிறகு தமிழ்நாடு என்று இறங்கி, 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியதைச் சொல்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு நகரம் தண்ணீர் லாரிகளை நம்பி நின்றதையும் விவரித்துவிட்டு, "எனவே மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஆராய்வது அவசியமாகிறது" என்று முடிக்கிறது. இதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் சரியானதே. ஆனால் "எனவே" என்ற சொல்லுக்கு அடிப்படை ஏதும் இல்லை. தண்ணீர் இல்லை என்பது நகரத்தின் சிக்கல். அது தானாகவே ஆய்வுச் சிக்கலாகிவிடாது. தண்ணீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்க இன்னொரு குடிநீர்த் திட்டம் போதுமானதாக இருக்கலாம், அதற்கு முனைவர் பட்ட ஆய்வு தேவைப்படாமலும் போகலாம்.

ஆகவே முதல் படியாக, ஒரு தாளில் இரண்டு வாக்கியங்களை எழுதச் சொல்வேன். முதல் வாக்கியம் உலகில் எது சரியாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம், அதைப் பற்றி எது தெரியாமல் இருப்பதால் யார் எந்த முடிவை எடுக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நம் ஆய்வாளரின் முதல் வாக்கியம் இப்படி வரும்: "பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டப்பட்டிருந்தும், வடிகட்டித் தொட்டியில் வண்டல் அடைத்து, மழைநீர் நிலத்துக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது." இரண்டாவது வாக்கியம் இப்படி அமையலாம்: "ஒரே மண், ஒரே மழை, ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு குடியிருப்புகளில் ஒன்றில் அமைப்பு ஆண்டுதோறும் தூர்வாரப்படுவதும் மற்றொன்றில் கைவிடப்படுவதும் ஏன் என்பது தெரியாததால், எதை ஊக்குவித்தால் பராமரிப்பு நிலைக்கும் என்று மாநகராட்சியாலோ குடியிருப்போர் சங்கத்தாலோ முடிவு செய்ய இயலவில்லை."

இரண்டாவது வாக்கியம் எழுத வராவிட்டால், இன்னும் தலைப்பு மட்டுமே கையில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வினாக்களை எழுதத் தொடங்கக் கூடாது. மீண்டும் வாசிப்புக்குத் திரும்ப வேண்டும்.

முன்னாய்வுகளைக் கூற்றுவாரியாக அடுக்குதல்

இங்கேதான் அதிக நாள்கள் செலவாகும், செலவாகவும் வேண்டும். பெரும்பாலோர் முன்னாய்வுகளை ஆசிரியர் பெயர், ஆண்டு என்ற வரிசையில் ஒவ்வொரு பத்தியாகச் சுருக்கி எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் ஐம்பது ஆய்வுகளைப் படித்த பின்னும் இடைவெளி புலப்படாது. ஏனெனில் ஆசிரியர்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பதில்லை, கூற்றுகளுக்கும் அவற்றைத் தாங்கும் சான்றுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

எனவே ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கூற்றை எழுத வேண்டும். அதற்கு எதிரே, அந்தக் கூற்றுக்குச் சான்றாக எது அளக்கப்பட்டது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த அலகில் என்பதைக் குறிக்க வேண்டும். அலகு என்று நான் சொல்வது, ஆய்வு கவனித்த பொருள் தனிமனிதரா, வீடா, குடியிருப்பா, வார்டா, நகரமா என்பதை. கடைசிக் கட்டத்தில், "இந்தச் சான்றைக் கொண்டு எதைச் சொல்ல முடியாது" என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பாத அட்டவணை வெறும் குறிப்பேடாகவே இருந்துவிடும்.

நம் ஆய்வாளர் இப்படி அடுக்கும்போது இரண்டு குவியல்கள் உருவாகின்றன என்று கொள்வோம். முதல் குவியல் நிலத்தடி நீர்மட்டத்தை அளந்தவை. அவற்றின் கூற்று, கட்டாயச் சட்டத்துக்குப் பின் கிணறுகளில் நீர் உயர்ந்தது என்பது. கடைசிக் கட்டத்தில் அவர் எழுத வேண்டியது: 2003 வறட்சி ஆண்டு, 2005இல் வடகிழக்குப் பருவமழை மிகக் கூடுதலாகப் பெய்தது, எனவே சட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நீர்மட்டத்தை மட்டும் ஒப்பிட்டால் உயர்வில் எவ்வளவு மழையால் வந்தது, எவ்வளவு அமைப்புகளால் வந்தது என்று பிரிக்க முடியாது. மேலும் திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் நீர் எளிதில் இறங்கும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னக்கைட் பாறைப் பகுதியில் அப்படி இறங்காது. நகரம் முழுவதற்குமான சராசரியில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இரண்டாவது குவியல், வீடுகளில் அமைப்பு இருக்கிறதா, மக்களுக்கு அதுபற்றி விழிப்புணர்வு இருக்கிறதா என்று ஒரு முறை சென்று கேட்ட கணக்கெடுப்புகள். இவற்றின் அலகு தனிமனிதர் அல்லது வீடு. காலம் ஒரே ஒரு தருணம். இவற்றால் சொல்ல முடியாதது: கட்டப்பட்ட அமைப்பு ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் என்ன ஆனது, அதைத் தூர்வாரும் முடிவை யார் எடுத்தார்கள் என்பது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த முடிவு தனிமனிதருடையது அன்று, சங்கத்தினுடையது. எனவே தனிமனிதரைக் கேட்டுப் பெற்ற விழிப்புணர்வு எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது பராமரிப்பை விளக்காது.

இந்த இடத்தில் இடைவெளி ஓரளவு தெரியத் தொடங்குகிறது. முதல் குவியல் விளைவைப் பார்த்தது, இரண்டாவது குவியல் இருப்பைப் பார்த்தது. இருப்புக்கும் விளைவுக்கும் நடுவில் உள்ள பராமரிப்பு, சங்கம் என்ற அலகில், பல ஆண்டுகள் என்ற காலத்தில் பார்க்கப்படவில்லை.

தேடிய வழியையும் முன்மொழிவில் இரண்டு வரிகளில் குறிப்பிடுவது நல்லது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, நடைபெற்றுவரும் ஆய்வுகளின் முன்மொழிவுகளுக்கு சோத்கங்கோத்ரி ஆகிய இரு களஞ்சியங்களிலும், எந்தச் சொற்களால், எந்த ஆண்டு வரை தேடினீர்கள் என்று எழுதினால், "ஆய்வு இல்லை" என்பது நம்பிக்கையாக இல்லாமல் சரிபார்க்கத்தக்க கூற்றாகிறது. சென்னையைப் பற்றிய தலைப்பானால் அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத்தாள்களையும் பார்க்காமல் விடக் கூடாது.

இடைவெளி வாக்கியத்தை எழுதுதல்

"இது சென்னையில் ஆராயப்படவில்லை" என்பது நான் மிக அடிக்கடி காணும் இடைவெளி வாக்கியம். இடத்தை மாற்றினால் விடை ஏன் மாறும் என்று சொல்லாதவரை அது இடைவெளி ஆகாது. பெங்களூருவில் கிடைத்த முடிவு சென்னையில் பொருந்தாது என்று எதிர்பார்க்க ஒரு காரணம் வேண்டும். மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதால் தூர்வாரத் தவறினால் அந்த ஆண்டே வீணாகிவிடுகிறது என்பது போன்ற ஒரு காரணம். அது இருந்தால் இடத்தின் பெயர் வாக்கியத்தில் வரலாம், இல்லாவிட்டால் அதை ஆய்வுக் களம் என்ற பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

வலுவான இடைவெளி பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள் மோதும் இடத்தில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில், பராமரிப்பு வேறுபடுவதற்கு இரண்டு விளக்கங்கள் இயல்பாகவே எழுகின்றன. ஒன்று தேவை: கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் குடியிருப்பு தன் கிணற்றைக் காப்பாற்றிக்கொள்ளும், குழாய்த் தண்ணீர் தடையின்றி வரும் குடியிருப்பு அலட்சியமாக இருக்கும். மற்றொன்று ஏற்பாடு: தேவை எதுவாக இருந்தாலும், தூர்வாரும் பொறுப்பு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டு, மாதாந்திரப் பராமரிப்புத் தொகையில் அதற்கென்று பணம் வைக்கப்பட்டிருந்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. இவை இரண்டும் கேட்பதற்கு நியாயமானவை. ஆனால் இவற்றிலிருந்து வரும் கொள்கை முடிவுகள் வேறு வேறு. முதல் விளக்கம் சரியானால் நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் எந்த அறிவுரையும் பயன்படாது. இரண்டாவது சரியானால் சங்கத்தின் விதிகளில் ஒரு வரி சேர்ப்பதே போதும்.

எனவே இடைவெளி வாக்கியம் இவ்வாறு அமையும்: "மழைநீர் சேகரிப்பு அமைப்புகளின் இருப்பும் நிலத்தடி நீர்மட்ட மாற்றமும் ஆராயப்பட்டிருந்தாலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவற்றின் பராமரிப்பு பல ஆண்டுகளுக்கு நிலைப்பது தண்ணீர்த் தேவையாலா, சங்கத்தின் ஏற்பாட்டாலா என்பதை முடிவு செய்யத்தக்க சான்று இல்லை, ஏனெனில் இருப்பை ஆராய்ந்த முன்னாய்வுகள் தனிவீட்டை அலகாகவும் ஒரே தருணத்தைக் காலமாகவும் கொண்டவை." இந்த வாக்கியத்தில் தெரிந்தது, தெரியாதது, தெரியாமல் இருப்பதற்கான காரணம் ஆகிய மூன்றும் உள்ளன. மூன்றாவது பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் ஆய்வு முறை ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பது இங்கேயே நியாயப்படுகிறது. சங்கம் என்ற அலகும் பல ஆண்டுகள் என்ற காலமும் ஆய்வாளரின் விருப்பத்தால் வந்தவை அல்ல, இடைவெளியால் வந்தவை என்று குழுவினருக்குப் புரிகிறது.

வினாக்களை இடைவெளியிலிருந்து வருவித்தல்

முதல் வரைவில் நம் ஆய்வாளர் எழுதியிருந்த வினாக்கள் ஏழு. "மக்களிடையே மழைநீர் சேகரிப்பு குறித்த விழிப்புணர்வு எந்த அளவில் உள்ளது", "அரசின் கொள்கைகள் யாவை", "மேம்படுத்துவதற்கான பரிந்துரைகள் யாவை" என்பன அவற்றில் சில. விழிப்புணர்வு வினா இரண்டாவது குவியலைத் திரும்பச் செய்வது. கொள்கைகள் பற்றிய வினாவுக்கு அரசாணைகளைப் படித்தால் விடை கிடைத்துவிடும். அது பின்னணிப் பகுதிக்கு உரியது. பரிந்துரை என்பது வினாவே அன்று, விடை கிடைத்தபின் எழுதும் அத்தியாயம். இந்த மூன்று வகைகளையும் நீக்கினால் பெரும்பாலான முன்மொழிவுகளின் வினாப் பட்டியல் பாதியாகிவிடும், இழப்பு ஏதும் நேராது.

முதன்மை வினா இடைவெளி வாக்கியத்தின் மறுபக்கமாகவே இருக்க வேண்டும்: "பத்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கப்பட்ட சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மழைநீர் சேகரிப்பு அமைப்பின் பராமரிப்பு நிலைப்பதையும் கைவிடப்படுவதையும் தண்ணீர்த் தேவையும் சங்கத்தின் ஏற்பாடும் எவ்வாறு தீர்மானிக்கின்றன?" இதன் கீழ் மூன்று துணை வினாக்கள் போதும். கட்டுநர் குடியிருப்பை ஒப்படைத்த நாள் முதல் இன்றுவரை பராமரிப்பு எந்த ஆண்டுகளில் நடந்தது, எப்போது நின்றது என்பது முதலாவது. தேவை மிகுந்தும் ஏற்பாடு இல்லாத குடியிருப்புகளும், தேவை குறைந்தும் ஏற்பாடு உள்ள குடியிருப்புகளும் பராமரிப்பில் எப்படி வேறுபடுகின்றன என்பது இரண்டாவது. 2019 பற்றாக்குறையின்போது அமைப்பைச் சீர்செய்த குடியிருப்புகளில், நல்ல மழை பெய்த 2020, 2021க்குப் பிறகும் தூர்வாருவது தொடர்ந்ததா என்பது மூன்றாவது.

மூன்றாவது வினாவைக் கவனியுங்கள். தேவையே காரணமென்றால் மழை பெய்தபின் தூர்வாருவது நின்றிருக்க வேண்டும். ஏற்பாடே காரணமென்றால், 2019இல் பொறுப்பும் நிதியும் ஒதுக்கிய சங்கங்களில் மட்டும் தொடர்ந்திருக்க வேண்டும். அதாவது ஆய்வு தொடங்கும் முன்பே, எந்த விடை வந்தால் எந்த விளக்கம் தோற்கும் என்று சொல்ல முடிகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த விடை வந்தாலும் ஆய்வாளர் ஒரே முடிவுரையை எழுதக்கூடும் என்றால், அந்த வினா இடைவெளியைத் தொடவில்லை.

அடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அதற்கு விடை தரும் சான்றை எழுத வேண்டும். இங்கே அது சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு, தூர்வாரியதற்கான ரசீதுகள், லாரித் தண்ணீருக்குச் செலுத்திய தொகை, வடிகட்டித் தொட்டியையும் உறை கிணற்றையும் நேரில் திறந்து பார்த்தல் ஆகியவை. நேர்காணலை மட்டும் நம்பினால், ஆறு ஆண்டுகளுக்கு முன் தூர்வாரினோமா என்ற கேள்விக்கு எல்லோரும் ஆமென்றே சொல்வார்கள்.

இங்கே ஓர் இடர் உண்டு. கணக்கேட்டைக் காட்டச் சம்மதிக்கும் சங்கம் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும் சங்கமாகவே இருக்கும். கணக்கே வைத்திராத சங்கங்கள் கதவைத் திறக்கமாட்டா. அப்படியானால் "ஏற்பாடு இல்லாத" வகை முழுவதுமாகக் காலியாகி, இரண்டாவது வினாவுக்கு விடையே கிடைக்காமல் போகலாம். ஆகவே முன்மொழிவைச் சமர்ப்பிக்கும் முன் சில குடியிருப்புகளிலாவது அனுமதி கேட்டுப் பார்த்துவிட வேண்டும். காலி வகை நிரம்பாது என்று தெரிந்தால், வினாவை மாற்றுவதே நேர்மை. சங்கங்களுக்கிடையேயான ஒப்பீட்டைக் கைவிட்டு, ஒரே சங்கத்துக்குள் நிர்வாகிகள் மாறியபோது பராமரிப்பு மாறியதா என்று கேட்கலாம். இடைவெளி அதேதான், அணுகும் வழி மட்டும் வேறு.

வினாவின் வினைச்சொல் சான்றின் அளவை மீறக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இருபது முப்பது குடியிருப்புகளை ஆழமாகப் பார்க்கும் ஆய்வு, "எந்த அளவு பாதிக்கிறது" என்று கேட்கக் கூடாது. "எவ்வாறு", "எந்தச் சூழலில்" என்று கேட்கலாம். நிலத்தடி நீர் உயர்ந்ததா என்ற வினாவையும் இந்த ஆய்வு எழுப்பவில்லை, எழுப்பவும் கூடாது. அதை வரையறைப் பகுதியில் ஒரு வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்தில் வைக்கும் வரிசை

ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் முன்வைத்த மாதிரியில் மூன்று நகர்வுகள் உண்டு: களத்தை நிறுவுதல், அதில் வெற்றிடத்தைக் காட்டுதல், அந்த வெற்றிடத்தைத் தான் நிரப்புவதாக அறிவித்தல். நம் முன்மொழிவுகளில் முதல் நகர்வு நான்கு பக்கம் ஓடிவிடுகிறது, இரண்டாவது நகர்வு நான்கு வரியில் முடிகிறது. இந்த அளவைத் தலைகீழாக்க வேண்டும். களத்துக்கு ஒரு பத்தி, இரண்டு குவியல்களுக்கும் அவற்றின் எல்லைகளுக்கும் இரண்டு மூன்று பத்திகள், பிறகு இடைவெளி வாக்கியம், உடனே முதன்மை வினா. இடைவெளிக்கும் வினாவுக்கும் நடுவில் ஆய்வின் முக்கியத்துவம், கோட்பாடு, சொல் விளக்கம் எதுவும் வரக் கூடாது. பல்கலைக்கழகம் தரும் படிவத்தில் இவை வெவ்வேறு தலைப்புகளின் கீழ் பிரிந்திருந்தால், ஆய்வுச் சிக்கல் என்ற தலைப்பின் கடைசி வரியில் முதன்மை வினாவை ஒருமுறை எழுதிவிட்டு, வினாக்கள் என்ற தலைப்பில் மீண்டும் எழுதலாம். இந்த ஒரு திரும்பச் சொல்லல் குறையன்று.

முடித்தபின், வினாக்கள் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டு, சிக்கல் பகுதியை மட்டும் வேறு துறையில் ஆய்வு செய்யும் ஒருவரிடம் கொடுத்து, "இதைப் படித்தால் ஆய்வாளர் என்ன கேட்கப்போகிறார் என்று தோன்றுகிறது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதுவது உங்கள் முதன்மை வினாவுக்கு அருகில் வந்தால் இடைவெளி தெரிகிறது. அவர் விழிப்புணர்வைப் பற்றியோ நீர்மட்டத்தைப் பற்றியோ எழுதினால், உங்கள் பத்திகளில் எது அவரை அந்தப் பக்கம் அழைத்துச் சென்றது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் நீக்க மனமில்லாமல் வைத்திருந்த புள்ளிவிவரப் பத்தியாக இருக்கும். நெறியாளரிடம் இந்தச் சோதனையைச் செய்ய இயலாது, ஏனெனில் அவருக்கு உங்கள் வினா முன்பே தெரியும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வது ஆய்வு ஆலோசனைக் குழுவின் பணி; ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் அக்குழுவின் முன் தம் முன்னேற்றத்தை விளக்குகிறார். ஆய்வு நடைபெறும் சில ஆண்டுகளுக்குள் வேறொருவர் அதே இடைவெளியைத் தொட்டு ஓர் ஆய்வை வெளியிடக்கூடும். அப்போது அஞ்சி மறைக்காமல், அந்த ஆய்வை அட்டவணையில் புதிய வரிசையாகச் சேர்த்து, அதன் கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டும். எந்த அலகில், எந்தக் காலத்தில், எந்தச் சான்றால் அவர் முடிவுக்கு வந்தார் என்று பார்த்தால், இடைவெளி வாக்கியத்தின் மூன்றாவது பகுதியில் எந்தச் சொல்லைத் திருத்த வேண்டும் என்பது தெரியும். அந்தத் திருத்தத்தை எழுத்தில் செய்து, எந்த வினா மாறியது, எது மாறவில்லை என்ற குறிப்போடு அடுத்த குழுக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும்.